மூச்சை இழுக்கச் சொல்லாதீர்கள், விடச் சொல்லுங்கள்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். தர்மபுரி புறநகர் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம், ஓசூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். மூச்சு வாங்கியது. செத்துடுவேன் போல இருக்குது என்று அழுதாள். கைவிரலெல்லாம் மடங்கி இழுத்துக்கொண்டது. வலிப்பு என்று சொல்லி ஒருத்தர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். நான் சோடா உடைத்துக் கொடுத்தேன். ஒரு பையன் கேரி பேக்கை மூக்கில் வைத்து ஊதச் சொன்னான். கூட்டம் கூடிவிட்டது. கால் மணி நேரத்தில் தானாகவே சரியாகி, யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் ஆம்புலன்ஸ் கூப்பிடாமல் விட்டது தப்பா? அது மாரடைப்பா, பயமா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? மறுபடி இப்படி நடந்தால் என்ன செய்யணும்?
— பழக்கடைக்காரர், தர்மபுரி

வணக்கம் ஐயா.

முதலில் உங்கள் மனதை உறுத்துகிற கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெண் "நெஞ்சு வலிக்குது" என்று சொல்லியிருந்தால், 108-ஐக் கூப்பிட்டிருக்கலாம். "படபடன்னு அடிக்குது, மூச்சு அடைக்குது" என்று மட்டும் சொல்லி, நிமிடத்துக்கு நிமிடம் அது இறங்கிக்கொண்டும் வந்திருந்தால், நீங்கள் காத்திருந்ததில் தப்பில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் பேனிக் அட்டாக்தான். பதற்றத் தாக்கு என்று தமிழில் எழுதுகிறோம். திடீரென்று வரும், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் அவருக்கு வருகிற பயம் நடிப்பு இல்லை. சாவு வந்து எதிரே நிற்கிறது என்றே உடம்பு நம்பும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மடங்கிய விரல்கள். அதைப் புரிந்துகொண்டால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பயம் வந்தால் மூச்சு வேகமாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பதற்றத்தில் இது 30-ஐக்கூடத் தாண்டும். உடம்புக்குத் தேவையான ஆக்சிஜன் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கிறது. வேகமாக மூச்சு விடுவதால் அது பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. அது குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும். உடனே ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் நரம்புகளுக்குப் பயன்படுகிற பங்கு தற்காலிகமாகக் குறையும். நரம்புகள் துடிப்பேறிக்கொள்ளும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, இரண்டு கையிலும் எறும்பு ஊர்கிற மாதிரி உணர்வு, அப்புறம் விரல்கள் குவிந்து மடங்கி இழுத்துக்கொள்வது எல்லாமே இதனால் வருபவை. மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்களும் கொஞ்சம் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும், சுற்றியிருப்பது எல்லாம் கனவு மாதிரித் தெரியும். விரல் இழுத்துக்கொள்வதைப் பார்த்து அவர் இன்னும் பயப்படுவார். பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்குவார். அதில் விரல் இன்னும் இறுகும். இப்படி ஒன்றை ஒன்று தூக்கிவிட்டுக்கொண்டே போகும்.

இப்போது அங்கே நடந்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாவிக்கொத்தால் ஒரு பயனும் இல்லை. உண்மையான வலிப்புக்கும் இரும்பு உதவாது, இதற்கும் உதவாது. மடங்கிய விரலைப் பிரித்து எதையாவது திணித்தால் வலிதான் மிச்சம். வலிப்பு என்று அவர்கள் நினைத்ததும் சரியில்லை. அந்தப் பெண் அழுதாள், பேசினாள் என்கிறீர்கள். உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிற பெரிய வலிப்பில் நினைவு இருக்காது, பேச்சும் இருக்காது.

கேரி பேக் ஆபத்தானது. முன்பு ஆஸ்பத்திரிகளிலேயே காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வது உண்டு. இழந்த கரியமில வாயுவைத் திரும்ப உள்ளே இழுக்கட்டும் என்பது கணக்கு. இப்போது அதைச் சொல்வதில்லை. எதிரே இருப்பவருக்கு ஆஸ்துமாவோ மாரடைப்போ இருந்து, நாம் அதைப் பதற்றம் என்று தப்பாக நினைத்துவிட்டால், பைக்குள் ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பிளாஸ்டிக் பை என்றால் மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். யார் கொண்டு வந்தாலும் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

சோடா நல்ல மனதோடு கொடுத்தீர்கள். ஆனால் மூச்சு இரைக்கிற நேரத்தில் எதைக் குடித்தாலும் புரையேறும். மூச்சு நிதானமான பிறகு, அவரே கையில் வாங்கி, பச்சைத் தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் குடிக்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றும் அங்கே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாராவது ஒருவர், "மூச்சை நல்லா இழும்மா, இழுத்து இழுத்து விடும்மா" என்று சொல்லியிருப்பார். எல்லோரும் சொல்வதுதான். படித்தவர்களும் சொல்கிறார்கள். ஏற்கெனவே அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் இன்னும் இழுக்கச் சொன்னால் விரல் இன்னும் மடங்கும், தலை இன்னும் சுற்றும். இங்கே தேவை வெளியே விடும் மூச்சு. அது மெதுவாக, நீளமாகப் போக வேண்டும்.

இதை எப்படிச் செய்வது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. மலைப்பாதையில் வண்டி ஏறும்போது நடுவில் நின்றிருந்த ஒரு பையன், "நிறுத்துங்க, எனக்கு ஹார்ட் அட்டாக் வருது, என்னை இறக்கி விடுங்க" என்று கத்த ஆரம்பித்தான். பத்தொன்பது, இருபது வயது. சட்டையெல்லாம் வேர்வை. பக்கத்தில் இருந்தவர்கள் அவனை விட நடுங்கிப் போனார்கள். ஒருவர் கன்னத்தில் தட்டினார். இன்னொருவர் தலையில் தண்ணீர் ஊற்றப் பார்த்தார்.

நான் முதலில் செய்தது எனக்கே ஒரு நீளமான மூச்சை விட்டதுதான். அவன் பதற்றம் எனக்குத் தொற்றிக்கொண்டால் என் பேச்சு வேகமாகும், குரல் உயரும், அவனுக்கு அது இன்னும் ஒரு சத்தமாகத்தான் கேட்கும். அப்புறம் கண்டக்டரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஜன்னலோரம் ஒரு இடம், சுற்றி நிற்பவர்கள் ஓர் அடி தள்ளி நிற்பது. அந்த வளைவில் வண்டியை நிறுத்தி அவனை இறக்கச் சொல்லவில்லை. இருட்டுகிற நேரத்தில் மலைப்பாதையில் இறங்கி அவன் எங்கே போவான்? ஆனால், "வேணும்னா அடுத்த ஊர்ல நிறுத்தச் சொல்றேன், நானும் கூட இறங்கறேன்" என்று அவனிடம் சொன்னேன். தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேருக்குக் கொஞ்சம் இறங்கும்.

அவனுக்கு நேர் எதிரே நிற்காமல், கொஞ்சம் பக்கவாட்டில், அவன் முகத்துக்குக் கீழே என் முகம் இருக்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்தேன். "தம்பி, நான் டாக்டர். உங்க பக்கத்துலயே இருக்கேன். உங்க பேர் என்ன?" நீங்கள் டாக்டர் என்று சொல்ல வேண்டியதில்லை, "இங்க பழக்கடை வச்சிருக்கேன், உங்க கூடவே இருக்கேன்" என்றால் போதும். பேரைச் சொன்னான். அதிலேயே எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. கேட்டது புரிகிறது, பேச வருகிறது.

"நெஞ்சு வலிக்குதா, இல்ல படபடன்னு அடிக்குதா?" என்று கேட்டேன். படபடப்பு என்றான். "வலி கைக்கோ தாடைக்கோ போகுதா?" இல்லை. "இழுப்பு, சுகர், இதய நோய் ஏதாவது இருக்கா? மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" இல்லை. "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" காலேஜில் பரீட்சைக்கு முன்னால் ஒரு தரம் வந்ததாம், அப்போது ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம். இந்தக் கேள்விகளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு கேள்வியாக, ஆமாம் இல்லை என்று பதில் சொல்கிற மாதிரிக் கேட்க வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கம் கேட்டால் அவரால் எதற்கும் பதில் சொல்ல முடியாது.

அப்புறம்தான் மூச்சு. "சூடான டீயை ஊதி ஆத்துவீங்கல்ல, அந்த மாதிரி வாயைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. என்னோட சேர்ந்து ஊதுங்க" என்று நானே ஊதிக் காட்டினேன். வெளியே விடுவதில்தான் ஆரம்பிக்க வேண்டும். விட்டு முடித்தால் உள்ளே இழுப்பது தானாக நடக்கும். இரண்டு மூன்று தரம் ஆன பிறகு எண்ணிக்கை சேர்த்தேன். மூக்கு வழியாக உள்ளே 4 எண்ணும் வரை, வாய் வழியாக வெளியே 6 எண்ணும் வரை. அவனால் 6 வரை முடியவில்லை, 4-லேயே அறுந்தது. "பரவால்ல, 3 எண்ணி இழுங்க, 4 எண்ணி விடுங்க" என்றேன். எண் முக்கியமில்லை, விடுகிற நேரம் இழுக்கிற நேரத்தை விட நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் அவன் மறுபடி பதறி இரண்டு தரம் விட்டுவிட்டான். நான் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தேன். அவன் திரும்ப வந்து சேர்ந்துகொண்டான்.

மூன்று நான்கு நிமிடத்தில் விரல் தளர ஆரம்பித்தது. "பாருங்க, கை விரியுது. மூச்சு மெதுவாச்சுன்னா அது தானா விரியும்" என்று காட்டினேன். தன் உடம்பே சொல்கிற சாட்சியை விட நம்பிக்கை தருவது வேறெதுவும் இல்லை. கொஞ்சம் அடங்கியதும், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மூன்று பொருளைச் சொல்லச் சொன்னேன். கவனம் உடம்பை விட்டு வெளியே வருவதற்கு அது உதவும். உங்கள் இடத்தில் இது இன்னும் சுலபம். "அந்த பஸ் போர்டுல என்ன ஊர் போட்டிருக்கு?" என்று கேளுங்கள். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று அவர் வாசிக்கட்டும். ஆனால் உச்சத்தில் இருக்கும்போது இதைக் கேட்காதீர்கள், அப்போது யாருக்கும் எழுத்து கண்ணில் நிற்காது.

பென்னாகரம் போய்ச் சேர்வதற்குள் அவன் சரியாகிவிட்டான். "ரொம்ப அசிங்கமாப் போச்சு மேடம்" என்றான். அது பெரும்பாலானோர் சொல்வதுதான். உங்கள் கடை முன்னால் அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்காமல் போனதும் அதனால்தான்.

இந்த இடத்தில் உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு பெண், வயதானவள், அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்வது எனக்குச் சுலபம். நீங்கள் ஆண். தனியாக வந்திருக்கிற இளம்பெண்ணுக்கு, பதற்றத்தின் நடுவில் ஒரு அந்நிய ஆண் கையைப் பிடித்தால் பயம் இரட்டிப்பாகும். அதனால் பக்கத்தில் பூ விற்கிற அம்மாவையோ, பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு அக்காவையோ கூப்பிட்டு அந்தப் பெண் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு கை தூரம் தள்ளி இருந்து, கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண், பெண் யாராக இருந்தாலும் தொடுவதற்கு முன்னால், "தோள்ல கை வைக்கட்டுமா?" என்று கேட்டுவிடுவதுதான் முறை. வேண்டாம் என்றால் வேண்டாம்.

கூட்டத்தைக் கலைப்பது உங்களைப் போல அந்த இடத்தில் நாலு பேருக்குத் தெரிந்தவரால்தான் முடியும். "காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்று கத்தினால் யாரும் நகர மாட்டார்கள். ஆளைக் காட்டி வேலை கொடுங்கள். "நீங்க ஒரு ஸ்டூல் கொண்டு வாங்க." "நீங்க அவங்க பையைப் பாத்துக்குங்க." "தம்பி, நீ போனை உள்ள வை, வீடியோ எடுக்காத." அந்தப் பெண் கண் திறந்து பார்க்கும்போது எதிரே கேமரா இருந்தால், நீங்கள் ஐந்து நிமிடம் செய்தது எல்லாம் வீணாகும். யாராவது "சாமி வந்திருக்கு", "காத்து கருப்பு" என்று ஆரம்பித்தால் அங்கே நின்று வாதம் பண்ணாதீர்கள். அவருக்கும் ஒரு வேலை கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மொழி தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளும் உங்கள் பஸ் ஸ்டாண்ட் வழியாகத்தான் போகிறார்கள். உள்ளங்கையை மெதுவாக மேலே தூக்கி, அதை விட மெதுவாகக் கீழே இறக்கி, கூடவே நீங்கள் ஊதிக் காட்டினால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாத" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு எல்லாமே இருக்கிறது, அதைத்தான் அவர் உணர்ந்துகொண்டிருக்கிறார். "இது உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கும். நான் இங்கயே இருக்கேன். என்னோட சேர்ந்து ஊதுங்க" என்பது போதும். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று வாக்கும் கொடுக்காதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது, எனக்கே ஈசிஜி இல்லாமல் தெரியாது.

அதனால்தான் மாரடைப்பா பயமா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை என்கிறேன். காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகளை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துகிற மாதிரி வலி, அது இடது கைக்கோ இரண்டு கைக்குமோ, தாடைக்கோ, முதுகுக்கோ போவது, கூடவே சில்லென்ற வேர்வை, வாந்தி. இது எந்த வயதிலும் 108-தான். நாற்பதைத் தாண்டியவர், சுகர் அல்லது பிரஷர் உள்ளவர், புகை பிடிக்கிறவர் என்றால் வலி லேசாக இருந்தாலும் கூப்பிடுங்கள். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில நேரம் வலியே தெரியாமல் வெறும் மூச்சுத் திணறலும் வேர்வையுமாக மாரடைப்பு வரும். அதனால் ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக இப்படி வந்தால் அதைப் பதற்றம் என்று நினைத்துக் காத்திருக்கவே வேண்டாம். அவரை நடக்க விடாமல், சாய்ந்த மாதிரி உட்கார வைத்து, போனை எடுங்கள்.

மூச்சில் விசில் சத்தம் கேட்பது, உதடு நீலம் பாரிப்பது, எதையாவது சாப்பிட்டோ பூச்சி கடித்தோ உதடும் நாக்கும் வீங்கி உடம்பில் தடிப்பு வருவது ஆகியவற்றுக்கும் உடனே கூப்பிட வேண்டும். நினைவு தப்பினாலும், சம்பந்தமில்லாமல் உளறினாலும் அப்படித்தான். மரத்துப்போவதிலும் ஒரு வித்தியாசம் பாருங்கள். பதற்றத்தில் பெரும்பாலும் இரண்டு கையும், வாயைச் சுற்றியும் மரக்கும். ஒரு பக்கத்துக் கை கால் மட்டும் விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணி என்றால் எதையும் யோசிக்காமல் கூப்பிட்டுவிடுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வேர்த்துக்கொட்டி, நடுங்கி, பதறுகிற ஒருவரிடம் பூச்சிமருந்து வாடை அடித்தாலோ, வாயில் எச்சில் வழிந்து, கண்ணில் நீர் வடிந்தாலோ, அது பயம் இல்லை. வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உப்புத் தண்ணீர் கொடுக்காமல், 108-க்குச் சொல்லிவிடுங்கள். "நான் சாகப் போறேன்" என்று பயத்தில் சொல்வதற்கும் "சாகணும்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதைக் கேட்டால் அவரைத் தனியாக விடக் கூடாது.

சுகர் குறைவதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நானே ஒரு தரம் ஏமாந்தேன். காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வேர்த்து, கை நடுங்கி, நிலைகொள்ளாமல் தவித்தார். மண்டபக் கூட்டம், புழுக்கம், பதற்றம் என்று நினைத்து நான் மூச்சுப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்து அவர் மனைவி ஓடி வந்து, "காலையில இன்சுலின் போட்டாரு, முகூர்த்தம் முடியட்டும்னு சாப்பிடாமயே இருந்துட்டாரு" என்றார். பந்தியிலிருந்து சர்க்கரை வாங்கி மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுத்தோம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார், அப்புறம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அன்றிலிருந்து யார் பதறினாலும், "சுகர் இருக்கா, ஊசி மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை. உங்கள் கடையில் ஜூஸும் சர்க்கரையும் இருக்கும். விழுங்க முடிகிறவருக்கு மட்டும் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குச் சொல்லுங்கள்.

மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். கூட்டத்தில் யாராவது தன் பையிலிருந்து நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுப்பார். அது பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும். ஆஸ்துமாக்காரர் தன் சொந்த இன்ஹேலரை எடுத்தால், அதைப் பயன்படுத்த உதவலாம்.

இப்படி எந்த அறிகுறியும் இல்லை, மூச்சும் மெதுவாகிறது என்றால் கூடவே இருங்கள். 20, 30 நிமிடம் ஆகியும் இறங்கவில்லை, அல்லது இறங்கி மறுபடி ஏறுகிறது என்றால் கூப்பிடுங்கள். உங்களுக்குச் சந்தேகமாக இருந்தாலும் கூப்பிடுங்கள். 108 இலவசம். வண்டி வரும்போது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. நாடித் துடிப்பு, பிரஷர், ஆக்சிஜன் பார்த்துவிட்டுப் போவார்கள். போனில் பேசும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள். தர்மபுரியில் டவுன் பஸ் ஸ்டாண்டும் இருக்கிறது, புறநகர் பஸ் ஸ்டாண்டும் இருக்கிறது. எது, எந்த வாசல், எந்த ஊர் பஸ் நிற்கிற பக்கம் என்று சொன்னால்தான் வண்டி நேராக வரும். அப்புறம் ஏறக்குறைய என்ன வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி, நெஞ்சு வலி இருக்கிறதா. அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். வாசலில் ஒரு ஆளை நிறுத்தி வண்டிக்குக் கை காட்டச் சொல்லுங்கள்.

சரியான பிறகு அவர் ரொம்பக் களைத்திருப்பார். கை கால் நடுங்கும், அழுகை வரும், தூக்கம் வரும். உடனே அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடாமல், கால் மணி நேரமாவது உட்கார விடுங்கள். "வீட்டுல யாருக்காவது போன் பண்ணட்டுமா?" என்று கேளுங்கள், அவர் சம்மதம் இல்லாமல் நீங்களாகப் போனை எடுத்து யாரையும் கூப்பிடாதீர்கள். சில நேரம் வீட்டிலிருந்து வருகிற பிரச்சினைதான் அந்தப் பயத்துக்கே காரணமாக இருக்கும். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று துருவ வேண்டாம். அறிவுரையும் அன்றைக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லி அனுப்பலாம். முதல் தடவை வந்தது என்றால் ஒரு தரம் டாக்டரைப் பார்த்து, ஈசிஜியும், ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு அளவும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு கூடுவதும் இதே படபடப்பைக் கொண்டு வரும். ஒரே ஒரு தரம் வந்து போனதை வியாதி என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பத் திரும்ப வந்து, மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் தவித்து, பஸ் ஏறுவதையும் சந்தைக்குப் போவதையும் நிறுத்திவிட்டால் அதற்கு வைத்தியம் உண்டு. பேச்சு வழிச் சிகிச்சையிலும் மாத்திரையிலும் நன்றாகக் கேட்கிற தொல்லை இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், அதற்கும் காசு கிடையாது. இது 2022 அக்டோபரிலிருந்து இயங்கிவருகிறது. உங்கள் கடைச் சீட்டு ஒன்றின் பின்னால் அந்த எண்ணை எழுதி, பழத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் போதும், விளக்கம் வேண்டாம்.

அந்தப் பெண் ஓசூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள் என்றால் மறுபடி உங்கள் கடைப் பக்கம் வரக்கூடும். வந்தால், அன்றைக்கு நடந்ததை நீங்களாக எடுக்காதீர்கள். மற்ற வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரியே பேசி, பழத்தை நிறுத்துக் கொடுங்கள். அவளாகப் பேச்சை எடுத்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.